கஸ்தூரி பெயருக்கு ஓர் இன்லேண்டு லெட்டர்

ஞாயிறு பகல் ஒன்றரைக்குத் திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டில் சென்னை வண்டி ஏறினேன். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. மடியில் ஒரு பை பச்சை மல்லாட்டை. நம் ஊரில் வேர்க்கடலை என்போமே, அதுதான். மண்கூட உதிரவில்லை. செஞ்சி வருவதற்குள் மனதுக்குள் கடிதத்தை நான்கு முறை எழுதி, நான்கு முறையும் கிழித்துப் போட்டிருந்தேன்.

சாதாரண நன்றிக் கடிதம் என்றால் இரண்டு வரியில் முடித்திருப்பேன். இது அப்படியில்லை. மலை சுற்றும் பாதையில், டவுனிலிருந்து ஏழெட்டு கிலோமீட்டரில் இருக்கிறது அடி அண்ணாமலை. அங்கே கஸ்தூரி வீட்டில் நான்கு நாள் தங்கியிருந்தேன். தெருப் பக்கத்து அறையை அவள் வெள்ளையடித்து, ஃபேன் மாட்டி, காசு கொடுத்துத் தங்க வரும் விருந்தாளிகளுக்கென்று வைத்திருக்கிறாள். அவள் கணவர் ஏழுமலைக்கு அதில் நம்பிக்கையில்லை. ஒரு மல்லாட்டை வியாபாரி மூட்டை அடுக்க அந்த அறையைக் கேட்டுக்கொண்டிருந்தார். பௌர்ணமி கழிந்து பதில் சொல்வதாக ஏழுமலை சொல்லியிருந்தார். டவுன்காரர்கள் மூஞ்சிக்கு நேரே நல்லா இருக்கு என்பார்கள், திரும்பி வர மாட்டார்கள் என்பது அவர் கட்சி.

கிளம்பும்போது கஸ்தூரி ஆட்டோ வரைக்கும் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஊருக்குப் போய் நன்றினு மட்டும் எழுதிடாதீங்க அக்கா. எல்லாரும் அதத்தான் எழுதறாங்க. எது புடிச்சுது, எது புடிக்கலனு எழுதுங்க. அப்பதான் அவரு நம்புவாரு."

எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன். சொன்னால் செய்தே தீர வேண்டும் எனக்கு. என் வீட்டுக்காரர் இதற்குப் பிடிவாதம் என்று பேர் வைத்திருக்கிறார்.

திங்கள் காலை ஆபீசுக்குப் போகும் வழியில் தபால் ஆபீசில் ஓர் இன்லேண்டு லெட்டர் வாங்கினேன். முதல் சிக்கல் விலாசம். அந்தத் தெருவில் கடிதமெல்லாம் வீட்டு ஆம்பளை பெயருக்குத்தான் வரும். சமைத்தது அவள், மலை சுற்றக் கூட நடந்தது அவள், கடிதம் மட்டும் அவருக்கா? 'திருமதி கஸ்தூரி, க/பெ ஏழுமலை' என்று கொட்டை எழுத்தில் எழுதினேன். தபால்காரர் தெருவில் நின்று அந்தப் பெயரைக் கூப்பிடட்டும்.

பிறகு உள்ளே எழுதியது இது:

'அன்புள்ள கஸ்தூரிக்கு, முதல் நாள் நீ எனக்கு இட்லியும் சாம்பாரும் வைத்தாய். சாம்பார் சுமார்தான். சென்னையில் முக்குக்கு முக்கு கிடைக்கிற இட்லிக்கு நான் ஏன் அவ்வளவு தூரம் வர வேண்டும்? சமையலறைக்குள் நீங்கள் மட்டும் கேழ்வரகுக் களி தின்றதைப் பார்த்ததும் எனக்குக் கோபமே வந்தது. மறுநாள் நான் அடம்பிடித்த பிறகுதான் வைத்தாய். நொய் வெந்ததும் மாவைக் கொட்டி, பானையைக் காலால் அணைத்துக்கொண்டு துடுப்பால் நீ கிளறியதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கையை நனைத்து உருட்டி வைத்தாய். நான் மென்றேன், மெல்லாமல் முழுங்கணும் என்று சிரித்தாய். மொச்சைக் காரக்குழம்போடு இரண்டு உருண்டை போனது. இனி வருகிறவர்களுக்கு முதல் நாளே களி வை.

விடியற்காலை செருப்பில்லாமல் மலை சுற்றினோம். இடது ஓரமாகவே நடக்க வைத்தாய், வலது பக்கம் சித்தர்கள் போகிற வழி என்று. பாதி வழியில் என் கால் எரிந்தது, நீ விடவில்லை. அதற்காக இன்னும் கொஞ்சம் கோபம் இருக்கிறது. ஆனால் அன்று ராத்திரி மாத்திரை போடாமல் தூங்கினேன். இது பல வருஷமாக நடக்காதது.

புடிக்காதது: பாத்ரூம் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. பெண்கள் வந்து தங்க வேண்டுமானால் அதை முதலில் போடு.

ஆடியில் என் ஆபீசிலிருந்து இரண்டு பேரை அனுப்புகிறேன். ஏழுமலை அண்ணனிடம் இதைச் சத்தமாகப் படித்துக் காட்டு.'

நன்றி என்ற சொல்லை எங்கும் போடவில்லை. ஓரம் வரை நிரப்பி, ஒட்டி, அன்றைய தபாலிலேயே சேர்த்தேன். பௌர்ணமிக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. அந்த வாரம் முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. சாம்பாரைச் சொல்லியிருக்க வேண்டாமோ என்று ஒரு நாள், தாழ்ப்பாளைச் சொன்னதே தப்போ என்று ஒரு நாள். எழுதிப் போட்டதைத் திரும்ப வாங்கவா முடியும்?

பௌர்ணமி கழிந்து ஒரு போஸ்ட் கார்டு வந்தது. எழுத்து கஸ்தூரியுடையது, பள்ளிக்கூடத்துப் பிள்ளை எழுத்துப் போல உருண்டை உருண்டையாக.

'அக்கா, லெட்டரை அவரே வாங்கி ரெண்டு தடவ படிச்சாரு. சாம்பார் சுமார்னு இருக்கற எடத்துல சிரிச்சாரு. இவங்க பொய் சொல்றவங்க இல்லனு சொன்னாரு. வியாபாரிகிட்ட ரூம் இல்லனு சொல்லி அனுப்பிட்டாரு. ஆடிக்கு அவங்க ரெண்டு பேர மட்டும் அனுப்பிட்டு நீங்க வராம இருந்தா, அவங்களுக்கும் சோறு கெடையாது.'

அன்றே லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன்.