சிங்கராயரின் மூக்குத் தீர்ப்பு

ஏற்காட்டில் ஏரிக்குப் போகிற சாலையில், தபால் ஆபீஸைத் தாண்டினால் ஒற்றை அறையில் ஒரு பழைய சாமான் கடை இருந்தது. கடைக்குப் பெயர்ப் பலகை கிடையாது. எஸ்டேட் பங்களாக்களைக் காலி செய்து போகிறவர்கள் விட்டுவிட்டுப் போன கடிகாரம், ரப்பர் பூட்ஸ், எனாமல் தொட்டி, கால் உடைந்த நாற்காலி எல்லாம் அங்கே குவிந்து கிடக்கும். நடுவில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பார் சிங்கராயர். ஐம்பத்திரண்டு வயது. பத்தொன்பது வருஷம் ஒரு பங்களாவில் பட்லராக இருந்தவர்.

நாற்காலிகளையும் கடிகாரங்களையும் விட அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது சென்ட் பாட்டில்கள்தான். பங்களா துரைசானிகள் ஊரைவிட்டுப் போகும்போது பாதி தீர்ந்த பாட்டில்களைத் தூக்கிக்கொண்டு போவதில்லை. அவை சிங்கராயர் கடைக்கு வரும். அவற்றில் எதை இன்னும் போடலாம், எது கெட்டுப் போய்விட்டது என்று சொல்ல மலையில் அவரை விட்டால் ஆளில்லை. சனிக்கிழமை தோறும் துரைசானியின் கண்ணாடி மேஜையைத் துடைத்துத் துடைத்து வந்த ஞானம் அது.

ஆனால் ஒரு தடவை சறுக்கினார். எழுபத்தொன்பதில் பள்ளிக்கூட டீச்சர் ஒருத்திக்கு ஒரு பாட்டில் விற்றார். நிறம் நன்றாக இருக்கிறது என்று பார்த்ததோடு சரி, மோந்து பார்க்கவில்லை. காரணம் அன்று ஜலதோஷம். மறுநாள் அந்த டீச்சர் மணிக்கட்டெல்லாம் தடித்துச் சிவந்து வந்து நின்றாள். "நொம்ப நம்பினேனுங்க அண்ணா" என்று மட்டும் சொன்னாள். திட்டியிருந்தால்கூட அவ்வளவு உறைத்திருக்காது. அதற்குப் பிறகு சிங்கராயர் மூக்கு அடைத்திருந்தால் சென்ட் பாட்டிலைத் தொடவே மாட்டார். காலையில் சென்ட் பார்க்கிற வேலை இருந்தால் அது முடிகிறவரை காப்பி, வெற்றிலை எதுவும் கிடையாது.

எண்பத்தைந்தில் ஒரு வியாழக்கிழமை, ஏரிக்கரை லாட்ஜ்காரர் மாரியப்பன் கடைக்குள் எட்டிப் பார்த்தார். சேலத்திலிருந்து வந்து மலையில் லாட்ஜ் போட்டவர். கையில் ஒரு பை ஆரஞ்சு.

"என்னங்க மொதலாளி, சீசன் நேரத்துல இந்தப் பக்கம்?"

"சும்மாதான். ஞாயித்துக்கெழம எம் பொஞ்சாதி ஒரு பாட்டில் கொண்டாருவா. பன்னண்டு வருஷத்து சென்ட். கெட்டுப்போச்சாம், புதுசு வேணுமாம். அடுத்த வாரம் நான் மெட்ராஸ் போறேனில்ல, பர்மா பஜார்ல வாங்கியாரச் சொல்றா. அதுல இன்னும் கால் பாட்டில் கெடக்குதுங்க! நீங்க சொன்னாத்தான் நம்புவாளாம்." ஆரஞ்சுப் பையை மேஜையில் வைத்தார். "நல்லாத்தானே இருக்கும்?"

"மோந்து பாத்தாத்தானே தெரியுங்க" என்றார் சிங்கராயர். பையை மெதுவாக அவர் பக்கமே நகர்த்தினார்.

அன்று சாயங்காலமே மாரியப்பனின் மனைவி தனலட்சுமி வந்தாள். தூக்குவாளியில் மட்டன் குழம்பு.

"அண்ணா, ஞாயித்துக்கெழமைக்கு முன்னாடி ஒரு வார்த்த சொல்லலாம்னு வந்தேன். அது கெட்டுப்போச்சு. எனக்கே தெரியுது."

"அப்ப எதுக்குங்க அம்மணி எம் மூக்கு?"

"அவரு எம் மூக்க நம்ப மாட்டாரு."

தூக்குவாளியும் ஆரஞ்சு போன வழியே போயிற்று. வாசனை மட்டும் கடைக்குள் கொஞ்ச நேரம் நின்றது. சிங்கராயர் அன்று ராத்திரிக்குக் கருவாட்டோடு சாப்பிட்டார் என்பதைச் சொன்னால்தான் அவருடைய தியாகம் புரியும்.

ஞாயிறு காலை மாதா கோயில் பூசை முடிந்து சிங்கராயர் கடை திறக்கும்போதே இரண்டு பேரும் வாசலில் நின்றார்கள். தனலட்சுமி கைக்குட்டையில் சுற்றியிருந்த பாட்டிலை எடுத்து வைத்தாள். கண்ணாடி மூடி போட்ட சின்னப் பாட்டில், கழுத்து வரைக்கும் பூ வேலைப்பாடு.

சிங்கராயர் கைகளைத் தண்ணீரில் மட்டும் கழுவித் துடைத்தார். சோப்பு போடமாட்டார்; சோப்பு வாசம் மூக்கை ஏமாற்றும். பாட்டிலை ஜன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கி, பின்னால் ஒரு வெள்ளைக் காகிதத்தைப் பிடித்தார்.

நிறம் தேன் போல இருந்தது. புதிதாக இருந்தபோது இன்னும் வெளுப்பாக இருந்திருக்கும். பன்னிரண்டு வருஷத்தில் இவ்வளவு கறுப்பது சகஜம். வெயிலிலும் சூட்டிலும் கிடந்து கெட்டுப் போனவை சிவப்புக் கலந்த டீ டிகாஷன் நிறத்துக்கு வந்துவிடும். இது அப்படி இல்லை. ஆனால் ஒன்று உறுத்தியது. தேனுக்குள் யாரோ ஒரு சொட்டுப் பால் விட்ட மாதிரி லேசாகக் கலங்கலாக இருந்தது. வயசான சென்ட் கறுப்பதைத்தான் அவர் பார்த்திருக்கிறார். இப்படிப் பால் போலக் கலங்கி அவர் பார்த்ததில்லை.

மூடியைத் திறந்தார். மூடியையும் பாட்டில் வாயையும் சுத்தமான துணியால் துடைத்தார்.

"ஏனுங்க, இப்பவே மோந்து பாக்க மாட்டீங்களா?" என்று மாரியப்பன் அவசரப்பட்டார்.

"மூடியில காஞ்சது எப்பவும் புளிப்பாத்தானுங்க இருக்கும். அத வெச்சு முடிவு பண்ணக்கூடாது."

மை ஒற்றுகிற ஒத்துத்தாளில் ஒரு துண்டை பாட்டிலுக்குள் நனைத்து, காற்றில் நாலு தடவை வீசி ஸ்பிரிட்டைப் போகவிட்டு, மூக்குக்குக் கொஞ்ச தூரத்தில் பிடித்தார். முதல் வாசம் எப்போதும் எலுமிச்சை, ஆரஞ்சு மாதிரி துள்ளி வரவேண்டும். பழசானால் அந்தத் துள்ளல்தான் முதலில் செத்துப்போகும். சில சமயம் அதுமட்டும் செத்து, பின்னாலிருப்பது நன்றாகவே இருக்கும். அதனால் இந்த இடத்தில் அவசரப்படக்கூடாது.

வந்தது துள்ளல் இல்லை, கூர்மையான ஒரு புளிப்பு. மூக்கில் ஊசி குத்தின மாதிரி. சிங்கராயர் தலையைப் பின்னுக்கு இழுத்தார். தனலட்சுமியின் முகம் மலர்ந்தது.

"பாத்தீங்களா! நான் சொல்லல?"

"பொறுங்க அம்மணி. கால் மணி நேரம் போகட்டும்."

கால் மணி நேரத்தில் சேலத்து பஸ் ஹார்ன் அடித்தது. லாட்ஜுக்கு ஆள் பிடிக்க மாரியப்பன் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினார். சிங்கராயர் தன் கம்பளிச் சட்டையின் கையை மோந்து மூக்கைச் சுத்தம் செய்துகொண்டு, தாளை மறுபடி எடுத்தார். புளிப்பு போயிருந்தது. அடியில் மல்லிகையும் சந்தனமும் கெடாமல் மெத்தென்று இருந்தன. உண்மையிலேயே கெட்டுப்போன சென்டில் அந்தப் புளிப்பு பூவுக்குள்ளேயே ஊறிப்போய் உட்கார்ந்திருக்கும், மணிக்கணக்கில் நகராது. இது வந்த வேகத்தில் எழுந்து போய்விட்டது. இன்னொரு தாள் நனைத்தார். அதே கதை. இந்தப் புளிப்பை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று யோசித்தார். கண்ணை மூடினார். பங்களா சமையலறை, கண்ணாடிக் கிண்ணம், வெள்ளரிக்காய், வெங்காயம்.

கண்ணைத் திறந்தார்.

"அம்மணி, உங்க லாட்ஜுல துரைமாருங்க வந்தா சாலட் உண்டுங்களா?"

தனலட்சுமி முந்தானையைத் திருகினாள். "எதுக்குங்க கேக்கறீங்க?"

"வினிகர் இருக்குமில்லீங்களா, அதான். வினிகர்ல தண்ணி உண்டு, அது உள்ள போனா சென்ட் இப்படிப் பால் மாதிரி கலங்குமுங்க."

அவள் வாசலைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு சிரிப்பை அடக்க முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டாள். "ரெண்டு ஸ்பூன்தானுங்க அண்ணா. ஜன்னல்ல வெயில்ல ஒரு மாசம் வெச்சும் பாத்தேன். சனியன், கெடவே மாட்டேனுது!"

"ஏனுங்க, அவ்வளவு கோவம்?"

"எனக்கு அந்த வாசமே புடிக்கலிங்க. கல்யாணத்தன்னைக்கே தலவலி. பன்னண்டு வருஷமா ஒவ்வொரு விசேஷத்துக்கும் போட்டுக்கிட்டேன். கல்யாணத்துக்கு அவரு குடுத்ததுங்க, சிங்கப்பூர்ல இருக்கற அவரு அண்ணன்கிட்டச் சொல்லி வரவழைச்சாராம். எப்படிங்க புடிக்கலீன்னு சொல்றது?"

சிங்கராயருக்குச் சங்கடமாகப் போயிற்று. கெட்டுப்போச்சு என்றால் அது பொய்யில்லை. இப்போது அதை யாரும் போட முடியாது. நல்லாத்தான் இருந்தது என்றால் அவள் மாட்டிக்கொள்வாள். இரண்டுக்கும் நடுவில் எதைச் சொல்வது? டீச்சரின் தடித்த மணிக்கட்டு நினைவுக்கு வந்தது. பாதி உண்மையைச் சொல்வதும் அவருக்கு ஜலதோஷத்தோடு சென்ட் விற்பது மாதிரிதான்.

அதற்குள் மாரியப்பன் மூச்சிரைக்க வந்துவிட்டார். "என்னங்க முடிவு?"

"இந்த சென்ட் இனி போடறதுக்கு ஆகாதுங்க மொதலாளி" என்றார் சிங்கராயர். "ஆனா வயசாகிக் கெட்டுப்போகல. சேரக்கூடாத ஒண்ணு உள்ள சேந்துபோச்சு."

"சேந்துபோச்சா? என்ன சேந்துச்சு? யாரு சேத்தா?"

சிங்கராயர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். அது ஓடாத கடிகாரம். தனலட்சுமி ஒரு மூச்சு இழுத்தாள்.

"நாந்தானுங்க. வினிகர் ஊத்திப்போட்டேன். எனக்கு அந்த வாசம் புடிக்கவே புடிக்காது."

மாரியப்பன் நாற்காலியில் உட்கார்ந்தார். அது கால் உடைந்த நாற்காலி. சாய்ந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். முகத்தில் கோபம் வரும் என்று இரண்டு பேரும் காத்திருந்தார்கள். கோபத்துக்குப் பதிலாக ஒரு திருட்டுக் களை வந்தது.

"தனம், நானும் ஒண்ணு சொல்லிப்போடறேன். அது சிங்கப்பூர்ல இருந்து வரலை."

"என்னது?"

"நம்ம கல்யாணத்துக்கு முன்னாடி நாகலூர் பக்கம் ஒரு பங்களா ஏலம் விட்டாங்கல்ல, அங்க கட்டில் வாங்கப் போனேன். கட்டிலோட சும்மா குடுத்தாங்க. அப்பவே பாதிதான்."

"அப்ப கஸ்டம்ஸ்காரன் மோந்து பாத்துட்டுப் பாதிய ஊத்தி எடுத்துக்கிட்டான்னு சொன்னது?"

"பாதிக்கு வேற என்ன சொல்றது?"

தனலட்சுமி அவரைப் பார்த்தாள், பாட்டிலைப் பார்த்தாள். பிறகு அவள் சிரித்த சிரிப்பில் எதிர்க்கடை பொன்னாயி வெளியே வந்து எட்டிப் பார்த்தாள். மாரியப்பனும் சிரித்துவிட்டார். சிங்கராயர் மட்டும் சிரிக்காமல் பாட்டிலுக்கு மூடி போட்டார். அவருக்கு அந்த மல்லிகையை நினைத்துக் கொஞ்சம் வருத்தம்.

"மொதலாளி, ஒண்ணு சொல்லட்டுங்களா? பர்மா பஜார்ல அட்டைப்பெட்டியப் பாத்து வாங்காதீங்க. அம்மணியக் கூட்டிட்டுப் போங்க. அவங்க மூக்கு, அவங்கதான் பாக்கணும்." ஒத்துத்தாளைத் துண்டுகளாகக் கிழித்து ஒரு கட்டு அவளிடம் கொடுத்தார். "வீசிட்டு மோந்து பாருங்க அம்மணி. ஒடனே புடிச்சுப்போச்சுன்னு வாங்கிராதீங்க. கால் மணி கழிச்சும் புடிக்கோணும்."

போனார்கள். பர்மா பஜாரில் பதினொரு கடை ஏறி இறங்கினாள் தனலட்சுமி. பெட்டியைப் பிரிக்கமாட்டேன் என்ற கடைகளை விட்டுவிட்டாள். மற்ற கடைகளில் நனைத்த தாள்களையெல்லாம் கடைப்பேர் எழுதி மாரியப்பன் சட்டைப் பையில் சொருகினாள். கால் மணிக்கு ஒரு தரம் அவர் மார்பில் குனிந்து மோந்து பார்த்தாள். நடுத்தெருவில் அவருக்கு வெட்கம் தாங்கவில்லை. ஆனால் ஒதுங்கவும் இல்லை. கடைசியில் ஆறாவது தாளுக்குரிய கடைக்குத் திரும்பிப் போய்ச் சின்னதாக ஒரு பாட்டில் வாங்கினார்கள்.

சேலத்திலிருந்து மலை ஏறுகிற பஸ்ஸில் மாரியப்பனுக்குப் பக்கத்தில் மலைமேல் தலைச்சோலை ஊர்க்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். மூன்றாவது வளைவு வரைக்கும் அந்த வாசனையைப் பொறுத்துப் பார்த்துவிட்டு, அவர் மரியாதையாகக் கேட்டார்:

"ஏனுங்க, கல்யாண மாப்பிள்ளைங்களா நீங்க?"

மாரியப்பன் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். தனலட்சுமி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "ஆமாங்க" என்றார் அவர்.