பதினொன்றில் ஆறு

நான் எழுதியதிலேயே அதிகம் பேர் படித்தது ஒரு கடிதம். நான்கு பக்கம், கோடு போட்ட தாள், நீல மசி. ஆவடி குவார்ட்டர்ஸில் கணக்கு படித்த பிள்ளைகள் அதை ஜெராக்ஸ் எடுத்து, ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்து, பத்து வருஷத்துக்கு மேல் கை மாற்றினார்கள். அதில் ஒரு வரி தப்பு. சொல்ல வேண்டிய நேரத்தில் வாயில் கொழுக்கட்டை வைத்துக்கொண்டு இருந்துவிட்டேன். அதனால்தான் இப்போது இத்தனை பக்கம் தேவைப்படுகிறது.

கடிதம் எழுதியது எங்கள் வரிசையில் நான்கு வீடு தள்ளி இருந்த பையனுக்கு. நான் படித்த அதே கல்லூரி, அதே புள்ளியியல் வகுப்பு, எனக்கு நான்கு வருஷம் ஜூனியர். எங்கள் இரண்டு பேருடைய அப்பாவும் ஒரே தொழிற்சாலை. அவன் இறுதி வருஷம் படிக்கும்போது அவன் அப்பா வேலைக்குப் போன இடத்திலேயே நெஞ்சு வலி வந்து இறந்துபோனார். வேலையில் இருக்கும்போது இறந்தவர் வீட்டில் ஒருவருக்கு அங்கேயே வேலை கொடுப்பார்கள். அவன் அம்மா தெளிவாகச் சொல்லிவிட்டார்: உதவித்தொகையோடு மேல்படிப்பு கிடைத்தால் நீ படி, அந்த வேலைக்கு நான் போகிறேன், கிடைக்காவிட்டால் நீ போ. உதவித்தொகையோடு படிக்க ஒரே ஒரு கல்வி நிறுவனம்தான் இருந்தது. அதற்கு நுழைவுத் தேர்வு.

நான் அப்போது தெற்கே ஒரு பெண்கள் கல்லூரியில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். அவனிடமிருந்து இன்லண்ட் லெட்டர் வந்தது. ‘அக்கா, வாய்ப்புக் கணக்கு போட வருகிறது. ஆனால் வந்த விடை சரியா என்று தெரிவதில்லை. பழைய கேள்வித்தாளில் விடை கிடையாது. தனியாக உட்கார்ந்து எப்படிச் சரிபார்ப்பது?’ ஏழுக்கு நடுவில் குறுக்குக்கோடு போடும் பழக்கம் அவனுக்கு. கடிதத்தின் தேதியில் ஏழு இருந்தது, அதிலும் கோடு.

கேள்வியைப் பார்த்ததும் சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்படி ஒரு கேள்வியை என் வகுப்பில் ஒருத்தியும் கேட்டதில்லை. ஒரு சனிக்கிழமை மத்தியானம் உட்கார்ந்து எழுதினேன்.

‘விடையைக் கடைக்கோடியில் கொண்டுபோய் நிறுத்திப் பார். ஒரு பையில் சில சிவப்புப் பந்து, சில கறுப்புப் பந்து. முதல் பந்தைத் திருப்பிப் போடாமல் இரண்டு எடுக்கிறாய். இரண்டும் சிவப்பாக இருக்க வாய்ப்பு என்ன? உன் சூத்திரம் எதுவாகவும் இருக்கட்டும். அதில் சிவப்பு ஒன்றே ஒன்று என்று வை. பூஜ்யம் வர வேண்டும், ஒரு பந்தை இரண்டு தடவை எடுக்க முடியாதே! வராவிட்டால் சூத்திரம் தப்பு. கறுப்பே இல்லை என்று வை. ஒன்று வர வேண்டும். பந்துகள் லட்சக்கணக்கில் என்று வை. திருப்பிப் போட்டு எடுத்தால் வரும் விடைக்குப் பக்கத்தில் வர வேண்டும். இந்த மூன்றிலும் தேறினால் விடை சரி என்று அர்த்தமில்லை. தேறாவிட்டால் நிச்சயம் தப்பு.’

இதெல்லாம் சரியாகத்தான் எழுதினேன். இரண்டாம் பாதி சமச்சீர் பற்றியது. ‘ஐந்து பேர் சீட்டு எடுக்கிறார்கள். ஒரு சீட்டில்தான் பரிசு. கடைசியில் எடுப்பவனுக்கு வாய்ப்புக் குறைவு என்று தோன்றும். இல்லை. அவனுக்கும் ஐந்தில் ஒன்றுதான். பரிசுச் சீட்டுக்கு எந்தக் கை முதலில் வந்தது என்று தெரியாது.’ இதுவும் சரி. இதோடு நிறுத்தியிருக்கலாம். தபால் எடுக்க நேரமாகிவிட்டது, கடைசிப் பக்கத்தில் இரண்டு விரல் இடம் மிச்சம். முடிவு கம்பீரமாக இருக்கட்டுமே என்று ஒரு வரி சேர்த்தேன்: ‘இரண்டு பேர் மோதும் கணக்கில் பெயரை மாற்றிப் பார். விடை மாறினால் யோசிக்காமல் அடித்துவிடு.’

யோசிக்காமலாம். எழுதியவளே யோசிக்கவில்லை!

மே மாதம் லீவுக்கு ஆவடி வந்தேன். தேர்வு முடிந்து மூன்று நாள் ஆகியிருந்தது. மத்தியான வெயிலில் அவன் எங்கள் வீட்டுக்கு வந்தான். நாலாக மடித்த கேள்வித்தாள் சட்டைப் பையில் இருந்தது. எழுதிய விடையைக் கேள்வித்தாள் ஓரத்தில் குறித்துக்கொண்டு வருவது எங்கள் துறைப் பிள்ளைகளின் வழக்கம், வெளியே வந்து ஒப்பிட்டுப் பார்க்க. அவன் முகம் பளிச்சென்று இருந்தது. அம்மா கொடுத்த எலுமிச்சை ஜூஸை ஒரே மூச்சில் குடித்தான்.

“உங்க லெட்டர்தான் காப்பாத்திச்சு, க்கா. எட்டாங் கணக்கப் பாருங்க. தப்பா போட்டு வெச்சிருந்தேன். கடசி அஞ்சு நிமிசத்துல பேர மாத்திப் பாத்தேன், மாறிச்சு. அடிச்சிட்டேன்.”

எட்டாவது கணக்கு: இரண்டு பேர் மாறி மாறிப் பகடை உருட்டுகிறார்கள். முதலில் ஆறு போடுபவன் ஜெயிப்பான். ஆட்டத்தைத் தொடங்குபவன் ஜெயிக்க வாய்ப்பு என்ன? ஓரத்தில் 6/11 என்று எழுதி அடித்திருந்தான். பக்கத்தில் 1/2.

6/11 தான் சரி.

யார் முதலில் உருட்டுகிறான் என்பதுதான் அந்த ஆட்டமே. சீட்டு எடுப்பதில் எல்லாச் சீட்டும் கைக்கு வந்த பிறகுதான் முடிவு, அதனால் வரிசைக்கு மதிப்பில்லை. இங்கே முதல்வன் ஆறு போட்டுவிட்டால் அடுத்தவனுக்குப் பகடையே கிடையாது. பெயரை மாற்றினால் முறையையும் சேர்த்து மாற்ற வேண்டும். முதல்வன் தவறவிட்டால், ஆறில் ஐந்து வாய்ப்பு அதற்கு, இரண்டாமவன் தொடங்குபவன் ஆகிவிடுகிறான். ஆகவே இரண்டாமவன் வாய்ப்பு முதல்வன் வாய்ப்பில் ஆறில் ஐந்து பங்கு. இரண்டையும் கூட்டினால் ஒன்று. முதல்வனுக்குப் பதினொன்றில் ஆறு, மற்றவனுக்கு ஐந்து. உண்மையான சமச்சீர் அவன் பக்கம்தான் நின்றது. நான் எழுதிய வரிதான் அதைக் குப்புறத் தள்ளியது.

தாளைக் கையில் வைத்துக்கொண்டு, “நல்லா பண்ணியிருக்க” என்றேன்.

தேர்வு முடிந்துவிட்டது, இனிச் சொல்லி என்ன பயன், முடிவு வரும்வரை பிள்ளை நிம்மதியாக இருக்கட்டும். இதெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டது. உண்மை வேறு. வெட்கம். கணக்கில் கெட்டிக்காரி என்று வரிசை முழுக்கப் பெயர் எடுத்தவளுக்கு, அந்தப் பையன் முன்னால் தலை குனிய மனசு வரவில்லை.

காத்திருப்போர் பட்டியலில் அவன் இரண்டாவது. ஒருவரைத்தான் கூப்பிட்டார்கள். அடுத்த மாதம் அவன் அப்பாவின் தொழிற்சாலைக்குள் சைக்கிளில் போனான்.

ஒரு கணக்கால்தான் போனதா? யாருக்குத் தெரியும்! என் கடிதத்தின் முறையையே என் மேல் போட்டுப் பார்த்திருக்கிறேன். என் பங்கு பூஜ்யம் என்று வைத்துப் பார்த்தேன். முழுக்க நான்தான் என்று வைத்துப் பார்த்தேன். இரண்டு கோடியிலும், அந்த ஜூஸ் டம்ளரோடு அவன் பளிச்சென்று உட்கார்ந்திருக்கும் முகம்தான் வந்தது.

கல்யாணமாகித் திருமுல்லைவாயிலுக்குக் குடி வந்தேன். அம்பத்தூர் பக்கம் ஒரு கல்லூரியில் வேலை. ஆவடி ஸ்டேஷனில் எப்போதாவது அவனைப் பார்ப்பேன். “நல்லா கீறீங்களா, க்கா?” என்பான். “ம், நீ?” என்பேன். வார்த்தை நாக்கு நுனிவரை வரும், அதற்குள் ரயிலும் வந்துவிடும். தொழிற்சாலைச் சங்கு ஊதினால் கை வேலையை விட்டுவிட்டு நிற்பேன். வகுப்பில் அந்தப் பகடைக் கணக்கை வருஷா வருஷம் நடத்தித்தான் ஆக வேண்டும். பதினொன்று எழுதும் இடத்தில் சாக்பீஸ் நின்றுவிடும். பின் பெஞ்சில் ஒருத்தி, “மேடத்துக்கு இந்தக் கணக்குல பேய் கீதுடி” என்று கிசுகிசுத்தது என் காதில் விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் சபையோடு சேர்ந்து பாவ அறிக்கையை மனப்பாடமாக ஒப்பிப்பேன். அது சுலபம், கூட்டத்தில் சொல்வது.

தொண்ணூறுகளின் நடுவில் குவார்ட்டர்ஸ் பெண் ஒருத்தி சந்தேகம் கேட்க வந்தாள். நோட்டுக்குள்ளிருந்து நான்கு ஜெராக்ஸ் தாளை எடுத்தாள். எழுத்துகள் மை ஊறித் தடித்திருந்தன. என் கையெழுத்து. கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். ‘யோசிக்காமல் அடித்துவிடு’ அடிக்கப்பட்டிருந்தது. கீழே வேறு கையெழுத்து:

‘எல்லாக் கணக்குக்கும் இது பொருந்தாது. யார் முதலில் என்பது முக்கியமா என்று முதலில் பார். சந்தேகம் வந்தால், ஆறு விழுவது நிச்சயம் என்று வைத்துப் பார். தொடங்குபவன் எப்போதும் ஜெயிப்பான், பாதி எப்படி வரும்? 6/11 சரி.’

அதன் கீழே தேதி. ஏழுக்கு நடுவில் குறுக்குக்கோடு. அவன் எங்கள் வீட்டுக்கு வந்துபோனதற்கு மறுநாள்.

அடப்பாவி. முடிவு வருவதற்கு முன்பே அவனுக்குத் தெரியும். பத்து வருஷமாக “நல்லா கீறீங்களா” என்று கேட்டதெல்லாம் தெரிந்துகொண்டே கேட்டது.

அந்த ஞாயிறு சர்ச்சிலிருந்து நேராக அவன் வீட்டுக்குப் போனேன். வாசலில் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டுச் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான். ஜெராக்ஸை நீட்டினேன். பார்த்தான், வாங்கவில்லை.

“உனக்கு எப்பத் தெரியும்?”

“உங்க ஊட்லயே, க்கா. பேப்பரப் பாத்துட்டு நல்லா பண்ணியிருக்கன்னு சொன்னீங்க இல்ல, அப்ப உங்க கட்டை விரலு அந்த ஓரத்த மூடிக்கினு இருந்துச்சு. ஊட்டுக்கு வந்து திரும்பப் போட்டேன். வெளங்கிடுச்சு.”

“ஏன்டா என்னை ஒரு வார்த்தை கேக்கல?”

“நீங்களே சொல்லுவீங்கன்னு பாத்துகினு இருந்தேன்.”

சக்கரத்தை ஒரு சுற்று சுற்றிவிட்டான். அது நிற்கும்வரை இரண்டு பேரும் அதையே பார்த்தோம்.

“இப்பவும் நீங்க சொல்லல, க்கா. கேட்டுகினுதான் கீறீங்க.”

அதற்கப்புறம்தான் சொன்னேன். “நீ மொதல்ல போட்டதுதான் சரி. நான் எழுதின வரி தப்பு. அன்னிக்கே தெரிஞ்சும் மறைச்சேன்.”

அவன் கையைத் துணியில் துடைத்துக்கொண்டான். “சரி, க்கா” என்றான். உட்காரச் சொல்லவில்லை.