கூரைக்கு இரண்டு அங்குலம் இடைவெளி

எனக்கு எதற்கும் பயம். பூட்டிய கதவைத் திரும்பி வந்து மூன்று முறை இழுத்துப் பார்ப்பேன். முடுக்கிய திருகாணியை மறுநாள் போய்த் தொட்டுப் பார்ப்பேன். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு மரவேலைக்கு வந்தவன் நான். கணக்கிலும் பயம்தான். வர்க்கமூலம் என்று யாராவது சொன்னால் இன்றைக்கும் பேச்சை மாற்றிவிடுவேன்.

அதனால் முழு எண்களைப் பிடித்துக்கொண்டேன். ஒரு மூலை நேராக இருக்கிறதா என்று பார்க்க, ஒரு பக்கம் மூன்றடி, மறுபக்கம் நாலடி குறித்து, இரண்டு குறிகளுக்கும் குறுக்கே டேப் வைப்போம். சரியாக ஐந்தடி வந்தால் மூலை சரி. இது எல்லா ஆசாரிகளுக்கும் தெரியும். எனக்கு இந்த ஒன்று போதவில்லை. ஐந்து, பன்னிரண்டு, பதின்மூன்று. எட்டு, பதினைந்து, பதினேழு. ஏழு, இருபத்துநாலு, இருபத்தைந்து. முதல் இரண்டையும் தனித்தனியாக அதனதனாலேயே பெருக்கிக் கூட்டினால், மூன்றாவதை அதனாலேயே பெருக்கியது வரும். பின்னமே கிடையாது. மனம் படபடக்கும்போது இவற்றை வாய்க்குள் சொல்லிக்கொள்வேன். சிலர் சாமி பெயரைச் சொல்வதுபோல.

ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு நாலாவது மாடி வீட்டில் வேலை. வீட்டுக்கார அம்மா பாட்டு டீச்சர். மயிலாப்பூரில் மூன்று தலைமுறை வாடகை வீட்டில் இருந்துவிட்டு இப்போதுதான் சொந்த வீடு. படுக்கையறைக்கு ஒரு பெரிய அலமாரி கேட்டார்கள். உயரம் தொண்ணூற்றாறு அங்குலம், ஆழம் இருபத்தெட்டு, அகலம் ஆறடி. அறையிலேயே தரையில் முதுகுப்பக்கம் கீழே இருக்கும்படி படுக்கவைத்து, என் மச்சானும் நானும் பத்து நாளாகச் செய்தோம். மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி. என்னைப்போல் இல்லை, எதற்கும் சிரிப்பான்.

அளவெடுத்தபோது கூரை ஒன்பதரை அடி. நடுவில் ஃபால்ஸ் சீலிங் ஆட்கள் வந்து பலகை அடித்துவிட்டுப் போனார்கள். கூரை தொண்ணூற்றெட்டு அங்குலத்துக்கு இறங்கிவிட்டது. நான் பதறிப்போய் டேப்பை நீட்டிப் பார்த்தேன். இரண்டு அங்குலம் மிச்சம். அப்பாடா என்று இருந்தது. பயந்தாங்கொள்ளி ஒருவன் நிம்மதியடைந்ததுதான் அங்கே நடந்த தப்பு.

பால் காய்ச்சுவதற்கு முந்தின நாள் காலை. தூக்கி நிறுத்த இரண்டு பெயின்டர்களையும் கூப்பிட்டு வைத்திருந்தோம். அந்த அம்மா வாசலில் நின்று கேட்டார்கள்.

"என்னப்பா, நாளைக்குக் கார்த்தால பால் காய்ச்சணும். இதை இப்படிப் படுக்கப்போட்டுண்டா காய்ச்சறது?"

"பத்து நிமிசம்மா. இதோ நின்னுடும்" என்றான் மச்சான்.

நான் டீ குடிக்கக் கீழே இறங்கினேன். தூக்கும் வேலை என்றால் எனக்கு முதலில் சூடாக ஏதாவது உள்ளே போக வேண்டும். கிளாஸைப் பிடித்துக்கொண்டு வழக்கம்போல எண்களைச் சொன்னேன். ஏழு, இருபத்துநாலு, இருபத்தைந்து. ஏனோ அன்றைக்கு நாலால் பெருக்கினேன். இருபத்தெட்டு. தொண்ணூற்றாறு.

நூறு.

டீ கையில் கொட்டியது. அலமாரியின் ஆழம் இருபத்தெட்டு, உயரம் தொண்ணூற்றாறு. படுத்திருப்பதை நிமிர்த்தும்போது அதன் முன்பக்க மேல் மூலை நேராக மேலே போகாது, சுற்றிக்கொண்டு போகும். வழியில் ஒரு கட்டத்தில் அந்தக் குறுக்களவு முழுவதும் செங்குத்தாக நிற்கும். அதற்கு நூறு அங்குலம் வேண்டும். இருப்பதோ தொண்ணூற்றெட்டு. நின்றுவிட்டால் இரண்டு அங்குலம் மிச்சம்தான். ஆனால் நிற்கவே முடியாது. பாதியில் கூரையில் முட்டும். முட்டினால், அடிப்பக்கம் வழவழ டைல்ஸில் வழுக்கும். வழுக்கினால், முதுகுப்பக்கம் நின்று தள்ளுகிறவன்மேல் அத்தனையும் சாயும்.

தள்ளுகிறவன் என் மச்சான்.

நான் வரும்வரை பொறுக்கிற ஆள் இல்லை அவன். லிஃப்டுக்குக் காத்திருக்க மனம் வரவில்லை. நாலு மாடியும் ஓடினேன். இரண்டாவது மாடியிலேயே "ஏலே, ஏத்து ஏத்து" என்று பெயின்டர் சத்தம் கேட்டது. என் மனைவியிடம் என்ன சொல்வேன் என்பதுதான் ஒவ்வொரு படியிலும்.

உள்ளே போனபோது அலமாரி பாதிக்குமேல் நிமிர்ந்திருந்தது. பெயின்டர்கள் இரண்டு ஓரங்களில். மச்சான் அதற்கு அடியில், தோளைக் கொடுத்துக்கொண்டு. மேல் மூலைக்கும் கூரைக்கும் நடுவில் ஒரு சாண்கூட இல்லை.

"இறக்கு! இறக்கு!"

"இன்னா மாமா, இவ்ளோ தூரம் வந்துட்டு…"

"இறக்குடா!"

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. நானும் தோள் கொடுத்தேன். ஏற்றுவதைவிட இறக்குவது கொடுமை. அடிப்பக்கம் ஒருமுறை கிறீச்சென்று நகர்ந்தது. ஒரு விரற்கடைதான். தரையைத் தொட்ட பிறகும் நான் கையை எடுக்கவில்லை.

"இன்னாத்துக்கு கத்துனே? ரெண்டு இஞ்ச் கீதுன்னு நீதானே சொன்னே?" மச்சானுக்குக் கோபம்.

அந்த அம்மாவும் வந்துவிட்டார்கள். "ரெண்டு அங்குலம் இருக்குன்னு என்கிட்டயும் சொன்னேளே?"

டேப்பை எடுத்துக்கொண்டு குனிந்தேன். தரை டைல்ஸ் ஒவ்வொன்றும் இரண்டடி. நாலு டைல்ஸ் நீளம் தொண்ணூற்றாறு. அதன் முனையிலிருந்து பக்கவாட்டில் இருபத்தெட்டு குறித்தேன். குறுக்கே டேப் போட்டு அந்த அம்மாவையே படிக்கச் சொன்னேன்.

"நூறு" என்றவர்கள், தலையைத் தூக்கிக் கூரையைப் பார்த்தார்கள். பிறகு மச்சானைப் பார்த்தார்கள்.

வழி ஒன்றுதான். அலமாரியின் அடியில் ஆறு அங்குல உயரத்துக்குத் தனிப்பெட்டியாக அடிச்சட்டம் இருந்தது. அதைக் கழற்றினால் உயரம் தொண்ணூறு. தொண்ணூறுக்கும் இருபத்தெட்டுக்கும் என்னிடம் முழு எண் இல்லை. தரையிலேயே மறுபடி அளந்தேன். தொண்ணூற்றுநாலும் கொஞ்சமும். மூன்று தடவை அளந்தேன்.

ஆனால் அடிச்சட்டத்துக்குத் திருகாணி மட்டும் போட நான் என்ன தைரியசாலியா? ஆடிவிடுமோ என்று பசையும் தடவியிருந்தேன், இரண்டு பூச்சு. அதை ரம்பத்தால் அறுத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. புதுத் தரையில் கோணிப்பை விரித்து, மச்சானும் நானும் மாறி மாறி அறுத்தோம். மத்தியானம் தாண்டிவிட்டது.

மறுபடி தூக்கும்போது மச்சானை அடியில் நிற்க விடவில்லை. அறுத்த அடிச்சட்டத்தைச் சுவரோரம் வைத்து, அலமாரியின் அடிப்பக்கம் அதில் முட்டுக்கொடுக்கும்படி செய்தோம். மேல் பக்கத்தில் கயிறு கட்டி முன்னாலிருந்து இரண்டு பேர் இழுக்க, இரண்டு ஓரங்களிலும் மற்ற இருவர். மூலை கூரையை நெருங்கியபோது கண்ணை மூடிக்கொண்டேன். மூடியிருக்கக் கூடாது, ஒரு ஓரம் என் பொறுப்பு. நாலு விரல் அகல இடைவெளியில் அது சுற்றிக்கொண்டு போய் நின்றது. பிறகு இடது பக்கம், வலது பக்கம் என்று ஆப்பு வைத்து வைத்து உயர்த்தி, அடிச்சட்டத்தை உள்ளே தள்ளினோம். மேலே இரண்டு அங்குலம் மிச்சம்.

அந்த அம்மா காபி கொடுத்தார்கள். பெயின்டர்கள் என்னை "கணக்கு வாத்தியாரே" என்று கேலி பண்ணினார்கள். மச்சான் சிரிக்கவில்லை.

சாயங்காலம் வண்டியை எடுக்கும்போது சாவியை மச்சானிடம் நீட்டினேன். அவன் வாங்கிக்கொண்டான். மந்தைவெளி சிக்னலில் நின்றபோது, திரும்பாமலே சொன்னான்.

"நான் அடிலதான் மாமா நின்னுகினு இருந்தேன்."

"தெரியும்."

"அக்காகிட்ட சொல்லாதே."

"சொல்லல."

விளக்கு பச்சைக்கு மாறியது. அவன் சட்டையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். வீடு போய்ச் சேரும்வரை விடவில்லை.