நூற்றெழுபத்தொரு கலர் பக்கம்

பிரிண்ட் கடை செல்வமணியிடம் விலை பேசி ஜெயித்தவர் தேனி பஜாரில் யாரும் கிடையாது. கறுப்பு வெள்ளை பக்கத்துக்கு ஒண்ணரை ரூபாய், கலருக்குப் பத்து, கெட்டி அட்டை பைண்டிங் இருநூற்றைம்பது. சர்ச்சில் பக்கத்தில் உட்கார்ந்து பாட்டுப் பாடுகிறவர் வந்து கேட்டாலும் அதேதான். கல்நெஞ்சன் என்று பேர் வாங்கினாலும் காரணம் இருந்தது. கலர் மெஷினுக்குள்ளே ஒரு கவுண்டர் உண்டு. கலரில் ஒரு பக்கம் வெளியே வந்தால் சர்வீஸ் கம்பெனிக்கு இவர் காசு கட்டியாக வேண்டும். பத்து வருசமாக எத்தனையோ பேருடைய ஆராய்ச்சிக்கு அட்டை போட்டிருக்கிறார். ஒன்றைக்கூடப் பிரித்துப் படித்ததில்லை. பலகாரக் கடைக்காரனுக்கு இனிப்பில் ஆசை இருக்குமா என்ன?

அன்றைக்குக் கயல் பென்டிரைவோடு வந்தாள். மேகமலை எஸ்டேட்டில் தேயிலை பறிக்கிறவர்களின் மகள். மலை சரியும் இடங்களைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு. மறுநாள் மாலைக்குள் ஐந்து பிரதி பல்கலைக்கழகத்தில் கொடுத்தாக வேண்டும். பையில் இருந்தது ஐயாயிரம்.

செல்வமணி பைலைக் கலர் மெஷினில் ஏற்றிக் கணக்குப் பார்த்தார். "மொத்தம் இருநூத்தி நாப்பது பக்கம். அதுல கலர் நூத்தி எழுபத்தொண்ணு. பைண்டிங்கோட அஞ்சு காப்பிக்குப் பத்தாயிரத்துச் சொச்சம் வரும்மா."

அவள் முகம் செத்துப் போயிற்று. "அண்ணே, எல்லாத்தையும் கறுப்பு வெள்ளையில போட்டா?" என்றாள்.

"அது உன் இஷ்டம்." வரைபடப் பக்கம் ஒன்றை மட்டும் சோதனைக்கு அடித்து நீட்டினார்.

கயல் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். "போச்சுண்ணே. சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பலா வந்திருக்கு. பச்சைன்னா பயமில்லாத இடம். சிவப்புன்னா மழையில சரியக்கூடிய இடம். ரெண்டும் ஒண்ணாயிட்டா நான் நாலு வருசமா அலைஞ்சு சொன்னதே இதுல இல்லையே."

செல்வமணி தாளை வாங்கிப் பார்த்தார். பிறந்ததிலிருந்து அந்த மலையைப் பார்த்துக்கொண்டிருக்கிற மனுசன். அது நகரும் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. அடேயப்பா, இந்தப் பொம்பளப்பிள்ளை மலையையே அளந்து வைத்திருக்கிறாளே என்று அசந்து போனார்.

"ஆனா அண்ணே, என் படம் முப்பது பக்கந்தான். நூத்தி எழுபத்தொண்ணு எப்படி வரும்?"

அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "மெஷின் பொய் சொல்லாதும்மா! வேணும்னா நீயே வந்து பாரு."

இரண்டு பேரும் திரையில் ஒவ்வொரு பக்கமாகத் தள்ளினார்கள். எழுத்து, எழுத்து, வெறும் எழுத்து. கயல்தான் விரலை வைத்தாள். யாருடைய கட்டுரையை எடுத்தாண்டாள் என்று காட்டுகிற சின்ன எண்கள் எல்லாம் நீல நிறத்தில் இருந்தன. தட்டினால் பின்பக்கப் பட்டியலுக்குப் போகிற இணைப்புகள் அவை. ஒரு பக்கத்தில் கடுகளவு நீலம் இருந்தாலும் மெஷினுக்கு முழுப் பக்கமும் கலர்தான்.

"அடச்சே!" என்று செல்வமணி தன் நெற்றியிலேயே அடித்துக்கொண்டார். "நீ கேட்டது நியாயம். நாந்தான் பார்க்காமச் சொல்லிட்டேன்."

முப்பது பக்கத்தை மட்டும் பிரித்துக் கலர் மெஷினுக்கு அனுப்பினார். மிச்சம் இருநூற்றுப் பத்தும் கறுப்பு மெஷினில் ஓடின. வந்ததை இருவரும் மேசையில் பரப்பி, எண் பார்த்துக் கலர் தாள்களை அதனதன் இடத்தில் செருகினார்கள். ஒரு பிரதி எண்ணூற்று அறுபத்தைந்து. ஐந்துக்கு நாலாயிரத்து முந்நூற்று இருபத்தைந்து. பசை காய்ந்து மறுநாள் காலையில் கிடைக்கும் என்றார்.

காலையில் தங்க எழுத்து மின்ன ஐந்தும் தயாராக இருந்தன. செல்வமணி ஒன்றை விரித்து வரைபடத்தைக் காட்டினார். "உங்க வீடு எங்கனம்மா?"

அவள் சிவப்பின் நடுவில் விரல் வைத்தாள். "இந்த எஸ்டேட் லைன் வீட்டுல. அப்பாவும் அம்மாவும் இன்னும் அங்கனதான் இருக்காக."

கயல் ஐந்து பிரதிக்கான காசைக் கொடுத்துவிட்டு, மிஞ்சியதிலிருந்து இருநூற்று நாற்பதை எண்ணி மேசையில் தனியாக வைத்தாள்.

"இந்த ஒரு பக்கம் மட்டும் இருபத்துநாலு காப்பி கலர்ல வேணும்ணே. எங்க லைன்ல இருபத்துநாலு வீடு. அவுகதானே முதல்ல பார்க்கணும்."

செல்வமணி மெஷினை ஓட்டினார். முதல் தாள் சுடச்சுட வந்தது. அதைக் கையில் எடுத்துப் பார்த்தார். அந்தச் சிவப்புக்குள் யார் யார் சோறாக்கிக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்தபடி, மேசையில் தனியாக இருந்த பணத்தை அப்படியே அவள் பக்கம் தள்ளி வைத்தார்.