கூசிய சார்ஜரும் அத்தையின் கிரைண்டரும்

கப்பலில் போகும் சரக்குகளுக்கு ஆவணங்கள் தயாரிப்பது என் வேலை. ராயபுரத்தில் இருந்த அலுவலகத்தை மூடிவிட்டு, இனி எல்லோரும் வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்று நிர்வாகம் பெருந்தன்மையாக அறிவித்தது. வாடகை அவர்களுக்கு மிச்சம், மின்சாரத்தின் யோக்கியதை எங்கள் பொறுப்பு. ஆளுக்கொரு லேப்டாப்பும் அலுமினிய உடம்போடு ஒரு சார்ஜரும் கொடுத்தார்கள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

எங்கள் வீடு திருவொற்றியூரில், கடலுக்கு இரண்டு தெரு இந்தப் பக்கம். முதல் வாரத்திலேயே ஒருநாள் சார்ஜரை நகர்த்தும்போது புறங்கை அதன்மேல் உரசியது. எறும்புக் கூட்டம் ஊர்ந்த மாதிரி ஒரு கூச்சம். விரலை மெல்ல இழுத்தால் வழவழப்பான அலுமினியம் சொரசொரப்பாக அதிர்ந்தது. அலுவலகத்தில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்பவரை போனில் கூப்பிட்டேன்.

அவர் பொறுமைசாலி. சார்ஜருக்குள் மின் இரைச்சலை வடிகட்ட சின்னச் சின்ன கெபாசிட்டர்கள் இருக்கின்றன, அவை வழியாக மிக மிகக் கொஞ்சம் மின்சாரம் சார்ஜரின் உடம்புக்குக் கசியும் என்றார். மூன்று பின் ப்ளக்கில் இருக்கும் பெரிய பின் அதை எர்த் கம்பி வழியாக மண்ணுக்குக் கொண்டுபோய்விட வேண்டும். எர்த் சரியில்லாத வீட்டில் அது உடம்பிலேயே நிற்கும். வெறுங்காலோடு தரையில் உட்கார்ந்து தொட்டால், மண்ணுக்குப் போகிற வழியாக நாம் ஆகிவிடுகிறோம்.

"கூச்சத்தால ஒண்ணும் ஆகாதும்மா. ஆனா எர்த் இல்லன்னு அது சொல்லுது, ஆளக் கூப்ட்டு பாருங்க. அதுவரைக்கும் செருப்பு போட்டுக்குங்க. வெடுக்குனு கைய உதற வெச்சா, சார்ஜர் உடைஞ்சிருந்தா, பொசுங்குற வாசம் வந்தா, வீட்ல வேற சாமான் அடிச்சா, உடனே மெயினை அணைங்க" என்றார்.

எலக்ட்ரீஷியனைக் கூப்பிடச் சொன்னதை என் கணவரிடம் ஒப்படைத்தேன். அவர் அதை அடுத்த ஞாயிற்றுக்கிழமையிடம் ஒப்படைத்தார். உடனே செய்ய முடிந்தது செருப்பு மட்டும்தான். ரப்பர் செருப்பு வாங்கிப் போட்டேன், கூச்சம் அடங்கியது. வீடு அடங்கவில்லை.

"இன்னாம்மா இது, வூட்டுக்குள்ள செருப்பு போட்டுக்கினு நடக்குற? சாமி படம் கீதுன்னு தெரியல?" என்றார் அத்தை, என் மாமியார். சார்ஜர் கூசுவதைச் சொன்னேன். சொல்லியிருக்கவே கூடாது. அப்போது நான் ஏழு மாதக் கர்ப்பிணி.

கணவர் டெஸ்டரை எடுத்துவந்து சார்ஜரில் வைத்தார். டெஸ்டர் விளக்கு எரிந்தது. அந்த விளக்கு நூலளவு கசிவுக்கும் எரியும், ஆளைக் கொல்லும் மின்சாரத்துக்கும் எரியும் என்று கம்ப்யூட்டர்காரர் சொன்னதை ஒப்பித்தேன். யாரும் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் எரிகிற விளக்குக்கு இருக்கும் மரியாதை, பேசுகிற மருமகளுக்குக் கிடையாது.

"வயித்துல புள்ளைய வெச்சிக்கினு கரண்ட்ல கைய வெக்கிற. வளைகாப்புக்கு முன்னால இந்த வேலைய வுட்டுரு. புள்ள முக்கியமா, துட்டு முக்கியமா?" என்று அத்தை தீர்ப்பு சொன்னார். கணவர் டெஸ்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்படிப் பார்த்தால் கருத்து சொல்லத் தேவையில்லை.

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. தெருவுக்கே இட்லி மாவு அரைத்து விற்பவர் அத்தை. பின்கட்டில் பெரிய கிரைண்டர் வைத்திருந்தார். அவர் தொழில் தொழில், என் வேலை மட்டும் துட்டா?

வளைகாப்புக்குப் புடவை எடுக்கும் பேச்சு தொடங்கிய ஒரு காலையில், ஈரம் ஊறிய சுவரில் ஒரு கையை ஊன்றிக் குனிந்து சார்ஜரை எடுத்தேன். இது கூச்சமே அல்ல. முழங்கை வரை வெடுக்கென்று அடித்து, கை தானாக உதறியது. நல்லவேளை, செருப்பு காலில் இருந்தது. உட்கார்ந்தபோது, வழக்கமாக நான் வேலை தொடங்கும் முன்பே ஓய்ந்துவிடும் கிரைண்டர் அன்று இன்னும் பின்கட்டில் ஓடும் சத்தம் கேட்டது. கையை உதறவைத்தால் என்று போனில் சொன்னது நினைவுக்கு வர, ஓடிப்போய் மெயின் சுவிட்சை அணைத்தேன்.

"மாவு பாதில கீது! யாரு நிறுத்தனது?" என்று அத்தை கத்தினார்.

"நான்தான் அத்தே. எலக்ட்ரீஷியன் வர்ற வரைக்கும் யாரும் எதையும் தொடக் கூடாது" என்றேன். அந்த வீட்டில் நான் போட்ட முதல் உத்தரவு அது.

எலக்ட்ரீஷியன் இதே தெருக்காரர். கிரைண்டர் ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு மெயினைப் போட்டார். ஹோல்டரில் மாட்டிய பல்பின் ஒரு கம்பியை ப்ளக் பாயின்ட்டின் கரண்ட் ஓட்டையிலும் இன்னொன்றை எர்த் ஓட்டையிலும் வைத்தார். எரியவில்லை. அப்படியென்றால் எர்த் செத்துப்போயிற்று. பிறகு ஒரு கம்பியை நியூட்ரலிலும் மற்றதை என் சார்ஜர் உடம்பிலும் வைத்தார். கசிவு மட்டும் இருந்தால் பல்பை எரியவைக்கத் தெம்பு இருக்காது. பல்பு சும்மா இருந்தது. கிரைண்டரை மாட்டி ஓடவிட்டார். சார்ஜரில் வைத்த பல்பு சிவப்பாக எரிந்தது.

கிரைண்டர் மோட்டாருக்குள் ஈரம் இறங்கி, அதன் உடம்பில் கரண்ட் ஏறியிருந்தது. வீட்டுச் சாமான்கள் எல்லாம் ஒரே எர்த் கம்பியில் கோத்திருந்தன. அந்தக் கம்பி மண்ணைத் தொடுகிற இடத்தில் உப்புக்காற்று அதைத் தின்று பச்சைப் பொடியாக்கியிருந்தது. மண்ணுக்குப் போக வழியில்லாத கரண்ட், சுற்றிவந்து என் சார்ஜரில் ஏறிக்கொண்டது.

மெயின் பெட்டியைத் திறந்த எலக்ட்ரீஷியன் தலையில் அடித்துக்கொண்டார். "கசிவு வந்தா தானா வுழற டிரிப்பர கழட்டிட்டு டைரக்டா குடுத்துக்கிறான். எந்த கம்மனாட்டி பார்த்த வேல இது?"

"நீதான் நைனா" என்றார் அத்தை. "கிரைண்டர் போட்டா அது டப்புனு வுழுந்துகினே கீது, பேஜாரா கீதுன்னு சொன்னேன். நீதான் கழட்டின."

எலக்ட்ரீஷியன் இருமினார். அதற்குப் பிறகு யாரையும் திட்டாமல் வேலை பார்த்தார்.

"இத்தினி நாளா உனக்கு அடிக்கலயா?" என்று அவர் கேட்டார். அத்தை மாவுக் குண்டானை மூடப் போனார். நான் கிரைண்டருக்குக் கீழே பார்த்தேன். அத்தை எப்போதும் ஏறி நின்று அரைக்கும் மரப்பலகை. பிடியில் சுற்றியிருந்த காய்ந்த துணி. சுத்தத்துக்கு என்று நினைத்திருந்தேன்.

எலக்ட்ரீஷியன் புது எர்த் கம்பி வாங்கப் போனதும், "எப்பலேர்ந்து அத்தே?" என்று கேட்டேன்.

"போன மழையிலேர்ந்து. ஒருதபா தூக்கியே போட்டுச்சி."

"ஏன் சொல்லல?"

"சொன்னா உன் வூட்டுக்காரன் இன்னா சொல்வான்? வயசாச்சி, மாவு யாவாரத்த வுட்டுரும்பான்." பிடியில் இருந்த துணியை அவிழ்த்துக்கொண்டே, "அது எப்டி அடிக்கும்னு எனக்குத் தெரியும்மா. அதே கரண்ட்டுதான் உன்னிய அடிக்குதுன்னு நெனச்சேன். ராவெல்லாம் தூக்கமில்ல" என்றார்.

எனக்குக் கோபப்படத்தான் ஆசை. முடியவில்லை. ஈரத் தரையில், பலகையிலிருந்து ஒரு கால் நழுவியிருந்தால்? அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். உளுந்து மாவு பிசுபிசுத்தது.

சாயங்காலம் கணவர் வந்தார். அதற்குள் எர்த் புதிதாகியிருந்தது, டிரிப்பர் மாட்டியாயிற்று, கிரைண்டர் மோட்டார் புதுக் கம்பி சுற்றிக் கட்டுவதற்குப் போயிருந்தது, என் சார்ஜரில் கூச்சம் சுத்தமாக இல்லை. எல்லாவற்றையும் கேட்டவர், நியாயமாகப் பயந்தார். பயம் தெளிந்ததும் குடும்பத்தலைவர் ஆனார்.

"யம்மா, போதும். இனிமே இந்த மாவு யாவாரமே வாணாம், வுட்டுரு."

அத்தை தலையைக் குனிந்துகொண்டார். அவர் எனக்குச் சொன்ன அதே வார்த்தை.

"மோட்டார்தான் கெட்டுப்போச்சு, கட்டக் குடுத்தாச்சு" என்றேன். "வேலைய ஏன் வுடணும்?"

கணவர் என்னைப் பார்த்தார். அத்தை நிமிர்ந்தார்.

"அவ வேலையும்தான்டா" என்றார்.