பீஸ் பிடுங்கிய சனிக்கிழமை

வீட்டை விற்றது அவள் மூச்சுக்காகத்தான்.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடலுக்குக் கிட்டே இருந்த வீடு. நான் கொத்தனார், என் மனைவி சித்தாள். செங்கல்லை அவள் எடுத்துக் கொடுக்க நான் வைத்தேன். கூலிக்கு வேறு ஆள் வைக்கவில்லை.

அப்புறம் அவளுக்கு நெஞ்சில் சளி கட்டியது. இளைப்பு என்றார்கள். மருந்தைப் புகையாக்கிக் கொடுக்கிற ஒரு மிஷின் வாங்கினோம். கரண்டில் ஓடும். இளைப்பு வந்தால் மூடியை முகத்தில் வைத்துக்கொண்டு உட்காருவாள். உப்புக் காற்று ஆகாது, செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் பக்கமாகப் போய்விடுங்கள் என்றார் டாக்டர்.

மெட்ராஸ்காரர் ஒருவர் பங்களா கட்டக் கடலோரம் இடம் வாங்கிக்கொண்டிருந்தார். இரண்டு பக்கத்து வீட்டுக்காரர்களும் அவருக்கே விற்றுவிட்டுப் போய்விட்டார்கள். அந்த வீடுகளை இடித்தாயிற்று. கார்த்திகையில் நானும் பத்திரம் எழுதிக் கொடுத்தேன். தை முடிய இருந்துகொள்ளலாம் என்றார். ஒரே ஒரு சொல்தான் சொன்னார். கரண்ட் இணைப்பை ஒப்படைத்து மீட்டரைக் கழற்றிவிட்டுத்தான் இடத்தைக் கொடுக்க வேண்டும்.

செங்கல்பட்டில் ஒரு போர்ஷன் பார்த்து அட்வான்ஸ் கொடுத்தேன். குடிபோகிற நாளை அவள்தான் குறித்தாள். தையில் வளர்பிறை புதன்கிழமை.

"நான் கட்ன வூடு. வெளக்க ஏத்தி வெச்சி, கும்பிட்டுட்டு, என் காலால நடந்துதான் வெளிய வருவேன். தூக்கினு போவக் கூடாது, சொல்லிட்டேன்."

சரி என்றேன்.

ஈபி ஆபீசுக்கு அவள் தம்பியோடு போனேன். என் மச்சான் சிறுசேரி கம்பெனிகளுக்குக் கார் ஓட்டுகிறவன். பேங்க் கணக்கிலிருந்து கரண்ட் பில்லைத் தானாக எடுத்துக்கொள்கிற ஈசிஎஸ் ஏற்பாட்டை எனக்குச் செய்து கொடுத்ததும் அவன்தான். நான் எங்காவது சாரத்தின் மேல் நிற்பேன், கடைசித் தேதி போய்விடும். அதனால் செய்தான். நல்லதுதான்.

ஆபீசில் இருந்தவர் மனுவை வாங்கிக்கொண்டார். "நீங்க சொல்ற தேதியில ஆள் வருவாங்க. கடைசி ரீடிங் எடுத்துட்டு மீட்டரக் கழட்டுவாங்க. அந்தக் கடைசி பில்ல, இணைப்பு வாங்கறப்ப நீங்க கட்டின டெபாசிட்ல கழிச்சிட்டு மீதிக்கு செக் வரும்" என்றார்.

வெளியே வந்ததும் மச்சான் சொன்னான்: "மாமா, ஈசிஎஸ்ஸ இப்பவே நிறுத்திடலாம். இல்லாங்காட்டி வூட்ட இடிச்ச பொறவும் எடுத்துகினே இருப்பான். பில்லு டெபாசிட்ல கழியட்டும். வூட்டு அட்வான்ஸ்ல கடைசி ரெண்டு மாச வாடக கழியல? அதுமாரிதான்."

எனக்கும் அது நியாயமாகப் பட்டது. காலி பண்ணுகிற எல்லோரும் அப்படித்தானே செய்கிறார்கள்.

பேங்கில் எழுதிக் கொடுத்தோம். "ஈபியில சொல்லிட்டீங்களா?" என்று கேட்டார் கவுண்டரில் இருந்த அம்மா. "சொல்லியாச்சு மேடம்" என்றான் மச்சான். இணைப்பை ஒப்படைப்பதைத்தான் சொல்லியிருந்தோம். ஈசிஎஸ்ஸைப் பற்றி யாரும் வாயே திறக்கவில்லை.

கார்த்திகைக் கடைசியில் வழக்கம்போல ரீடிங் எடுத்து அட்டையில் எழுதிவிட்டுப் போனார்கள். அந்தப் பில் பேங்குக்குப் போய்த் திரும்பியிருக்கிறது. கடைசிப் பில் மட்டும்தான் டெபாசிட்டில் கழியும். ஓடுகிற இணைப்பின் பில்லை வாரியம் அதில் கழிக்காது. இது பிறகு தெரிந்தது.

மார்கழியில் ஒரு சனிக்கிழமை. மதியம். அவள் மூடியை முகத்தில் வைத்துக்கொண்டிருந்தாள். மிஷின் நின்றது. ஃபேன் நின்றது.

வெளியே வந்தேன். மீட்டர் பலகைக்கு எதிரே லைன்மேன். கையில் பீஸ் கட்டை. தெரிந்த பையன்தான், அவன் வீட்டுக்குப் பூச்சு வேலை நான்தான் செய்தேன்.

"இன்னாடா இது?"

"அண்ணாத்த, லிஸ்ட்ல உன் நம்பர் கீது. பில்லு கட்டல. வூடு காலின்னு நெனச்சேன். சுத்தி எல்லாம் இடிச்சிப் போட்டுகீது."

"உள்ள வந்து பாரு."

வந்து பார்த்தான். முகம் சுண்டிவிட்டது. "ஐயோ, அக்கா உள்ளதான் கீது."

"இத்தப் போட்டுக் குடுடா. திங்கக்கிழம கட்டிடறேன்."

அவன் கட்டையை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றினான். "ஆபீசுல எழுதியாச்சு அண்ணாத்த. செக்கிங் வந்தா என் வேல போய்டும். கவுண்டரும் மூடிட்டாங்க."

கட்டிலில் இருந்து அவள் குரல் வந்தது. "அவன ஏன்யா கெஞ்சுற. அவன் வேலைய அவன் பாக்கறான். இவ்ளோ பெரிய வூடு கட்னியே, ஒரு பீஸு கட்ட செஞ்சி வெச்சிக்கத் தெரியல உனக்கு."

லைன்மேன் சிரித்தான். நானும் சிரித்தேன். அதற்குள் அவளுக்கு இழுக்க ஆரம்பித்தது.

போய் மிஷினைச் சொருக அக்கம்பக்கத்தில் ஒரு வீடு இல்லை. ஆஸ்பத்திரிதான்.

"மார்கழி. சனி வேற. நான் வர்ல" என்றாள். அதற்கு மேல் பேச மூச்சு இல்லை. தலைப்பக்கம் நான் பிடித்தேன், கால்பக்கம் லைன்மேன் பிடித்தான். கட்டை அவன் சட்டைப் பையில் துருத்திக்கொண்டிருந்தது. வாசலைத் தாண்டும்போது அவள் கண்ணை மூடிக்கொண்டாள். திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ போனது.

ஆக்சிஜன் வைத்தார்கள்.

திங்கட்கிழமை ஈபி கவுண்டரில் பில்லையும், பேங்கில் திரும்பியதற்கான அபராதத்தையும், மறுபடி இணைக்கிற கட்டணத்தையும் கட்டினேன். "ஈசிஎஸ்ஸ நிறுத்தறதா இருந்தா இங்கயும் ஒரு லெட்டர் குடுக்கணும்ங்க. குடுத்திருந்தா பில்ல நேர்ல கட்டச் சொல்லியிருப்போம்" என்றார் மனு வாங்கினவர். கோபமாகச் சொல்லவில்லை. அன்றைக்கு அந்த லெட்டரையும் கொடுத்தேன்.

லைன்மேன் கூட வந்து பீஸைப் போட்டான். அன்றைக்குச் சுவிட்சை அணைக்காமலே போயிருந்தோம். ஃபேன் சுற்றியது. காலிக் கட்டிலுக்குப் பக்கத்தில் மிஷின் தானாக இரைந்தது. அவன் ஓடிப்போய் அணைத்தான்.

ஆஸ்பத்திரியில் அவளிடம் சொன்னேன். "கரண்ட் வந்துட்டுது."

மூடியை நகர்த்தினாள். "அப்ப தையில நான் குறிச்ச புதன்கெழம அங்க இட்டுனு போ. அங்கேர்ந்து கெளம்பலாம்."

"சரி."

பொங்கலுக்கு முன்னாலேயே போய்விட்டாள். விடியற்காலை.

மச்சான் செங்கல்பட்டுப் போர்ஷனுக்கு எடுத்துப் போகலாம் என்றான். வீட்டுக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். "பால் காய்ச்சாத வூடு. நீங்க இன்னும் குடியே வர்ல. மன்னிச்சிக்குங்க." அவர் சொன்னதிலும் தப்பில்லை.

"இப்ப எங்க மாமா?" என்றான்.

"அவ வூட்டுக்கு."

விற்ற வீடு. தை முடிய என் கையில் இருந்தது. கரண்ட்டும் இருந்தது. ஐஸ் பெட்டியைச் சொருகினோம். எல்லா லைட்டையும் போடச் சொன்னேன். பகல்தான், இருந்தாலும் போடச் சொன்னேன். தலைமாட்டில் விளக்கை ஏற்றியது அவள் தம்பி. மத்தியானத்துக்கு மேல் தூக்கினோம். இந்த முறையும் தூக்கிக்கொண்டுதான் போனோம்.

மச்சான் சுவரைப் பார்த்து நின்று அழுதான். "நான்தான மாமா நிறுத்த சொன்னேன்" என்றான். நான் போய் லைட்டுகளை ஒவ்வொன்றாக அணைத்தேன். வேறென்ன செய்வது.

காரியம் முடிந்த பிறகு சாமான்களை எல்லாம் ஏற்றி அனுப்பிவிட்டேன். தைக் கடைசியில் ஈபியிலிருந்து ஆள் வந்தார்கள். அதே லைன்மேனும் வந்தான். போஸ்ட்டில் ஏறி ஒயரை இறக்கினார்கள். மீட்டரைக் கழற்றுவதற்கு முன்னால் அவன் கூப்பிட்டான்.

"அண்ணாத்த, கடசி ரீடிங்கு. நீ பாத்து கையெழுத்து போடணும்."

பார்த்தேன். போன ரீடிங்குக்கு அப்புறம் எத்தனை யூனிட் என்று அவன் கூட்டிக் கழித்தான். "கொறச்சல்தான். டெபாசிட்ல முக்காவாசி திரும்பி வரும்" என்றான்.

கையெழுத்துப் போட்டேன். அவனுக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுக்க உள்ளே போனேன். வீட்டில் சொம்பு இல்லை.