இருபது கணினிக்கும் ஒரே அப்டேட்

எனக்குச் சந்தேகப் புத்தி. மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை. முத்தையாபுரம் பக்கத்தில் ஒரு பள்ளியில் கணினி ஆசிரியராக இருந்தபோது, ஆய்வகத்துக்கு மாதம் முழுக்க வர வேண்டிய இணைய டேட்டா பத்துப் பன்னிரண்டு நாளிலேயே முடிந்துவிடும். பிறகு இணையம் ஊரும். பிள்ளைகளின் உதவித்தொகை விண்ணப்பம்கூடப் போகாது. யாரோ சினிமா இறக்குகிறார்கள் என்று முடிவு கட்டினேன். அது ஆய்வக உதவியாளர் அக்காதான் என்றும் நானே முடிவு கட்டினேன். சாவி அவரிடம்தானே இருந்தது!

ஒருநாள் அவரே வந்தார். "சார், ஸ்டோர் ரூம்ல கெடக்க பழைய மெஷின்ல பெரிய டிஸ்க் ஒண்ணு போட்டுத் தாங்க. அது எப்பமும் ஓடணும்."

"எதுக்குக்கா?"

"நம்ம இருபது மெஷினும் ஒரே அப்டேட்ட தனித்தனியா வெளிய இருந்து இழுக்கு. இது ஒருதடவ வாங்கி வச்சிக்கிட்டா, மத்ததுக்கெல்லாம் கேபிள் வழியா இதுவே குடுத்துரும். டேட்டா மிஞ்சும்லா."

நியாயமாகத்தான் பட்டது. ஆனால் பெரிய டிஸ்க் எதற்கு? படங்களைச் சேர்த்து வைக்கவா? கையும் களவுமாகப் பிடிக்கலாம் என்றே கொடுத்தேன். அதோடு நின்றேனா? அவர் ஒப்பந்த ஊழியர். வருடாவருடம் தலைமையாசிரியை கையெழுத்துப் போட்டால்தான் வேலை. "இந்த வருஷம் கொஞ்சம் பொறுத்துப் போடுங்க" என்று அந்த அம்மாவின் காதில் போட்டுவைத்தேன்.

அக்கா எல்லாக் கணினியிலும் உட்கார்ந்து, அப்டேட்டை முதலில் அந்தப் பழைய மெஷினிடம் கேட்கும்படி மாற்றினார். அதன் பாஸ்வேர்டை எனக்கும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்.

அவர் வீட்டுக்குப் போனதும் நான் அதற்குள் நுழைந்து துழாவினேன். நான்கு நாள், நான்கு சாயங்காலம். ஒரு படம் இல்லை, பாட்டு இல்லை. லினக்ஸ் அப்டேட் கோப்புகள் மட்டும், ஒவ்வொன்றும் ஒரே ஒரு பிரதி. மெஷினுக்குள் இருந்த பதிவேட்டைத் திறந்தால், ஒரு கோப்பை முதல் கணினி கேட்டபோது வெளியிலிருந்து வந்திருக்கிறது. மற்ற பத்தொன்பதுக்கும் டிஸ்கிலிருந்தே போயிருக்கிறது. மாதக் கடைசியிலும் டேட்டா மிச்சமிருந்தது. எனக்கு வெட்கமாகப் போயிற்று.

தலைமையாசிரியையிடம் ஓடிப்போய் நான் சொன்னது தப்பு என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். நல்ல செய்தியை நானே சொல்லலாம் என்று ஆய்வகத்துக்குப் போனேன்.

அக்கா கேட்டுக்கொண்டார். பிறகு, "நாலு நாள் சாயந்தரம் மெஷினுக்குள்ள போயிருக்கிய போல சார்" என்றார்.

யார் எப்போது நுழைந்தாலும் மெஷின் குறித்து வைக்கும் என்பதைக் கணினி வாத்தியாரான நான் மறந்திருந்தேன்.

"நீங்க பாக்கணும்னுதான் பாஸ்வேர்ட எழுதித் தந்தேன். பாத்தா சந்தேகம் தீந்துரும்லா. தீந்துட்டா சார்?"

"தீர்ந்துட்டுக்கா" என்றேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நம்பியதாகத் தெரியவில்லை.